கரும்புச் சோகை கொளுத்தும்போது தீ பக்கத்துக் கொல்லைக்குத் தாவினால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் பக்கம் கரும்பு வைப்பவன் நான். வெட்டு முடிந்ததும் கொல்லையில் கிடக்கும் காய்ந்த இலையை, அதாவது சோகையைக் கொளுத்துவது எங்கள் ஊரில் பழக்கம். நானும் பல வருடம் கொளுத்தியிருக்கிறேன், ஒருமுறை என் கரும்பும் பக்கத்துக்காரர் வைத்த தீயில் போயிருக்கிறது. இரண்டு பக்கமும் நின்று பார்த்தவன் என்பதால் ஆட்கள் போன் செய்து கேட்பார்கள். கேட்டதில் திரும்பத் திரும்ப வந்தவை இவை.

என் நிலத்துல என் சோகையைத்தான் கொளுத்தினேன். காற்று தூக்கிட்டுப் போனதுக்கு நான் எப்படிப் பொறுப்பு?

பொறுப்புதான். காற்று அடிப்பதும் காய்ந்த சோகை பறப்பதும் யாருக்கும் தெரியாத விஷயம் இல்லை. தெரிந்த ஆபத்துக்குத் தகுந்த ஏற்பாடு செய்தீர்களா என்றுதான் கோர்ட்டு பார்க்கும், நிலம் யாருடையது என்று பார்க்காது.

இதற்கு ஒரு பழைய வழக்கைச் சட்டக் கல்லூரிகளில் இன்றைக்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள். 1837-இல் இங்கிலாந்தில் ஒருவர் எல்லை ஓரமாக வைக்கோல் போர் போட்டார். சரியாகக் காயாத போர், உள்ளே சூடாகித் தானே பற்றும் என்று பல வாரமாக அக்கம்பக்கத்தில் எச்சரித்தார்கள். பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். போர் பற்றி, பக்கத்துக்காரரின் குடியிருப்புகள் எரிந்தன. 'என் அறிவுக்கு எட்டியவரை ஒழுங்காகத்தான் நடந்துகொண்டேன்' என்ற வாதம் எடுபடவில்லை. சாதாரண ஜாக்கிரதை உள்ள ஒரு மனிதன் என்ன செய்திருப்பானோ அதுதான் அளவுகோல், உன் அறிவு அளவுகோல் இல்லை என்று தீர்ப்பு வந்தது. 'நாங்க காலங்காலமா இப்படித்தான் கொளுத்துறோம்' என்பதும் அதே வாதம்தான்.

காலைல காத்தே இல்ல, பார்த்துதான் வச்சோம். மதியம் திடீர்னு எப்படித் தாவுச்சு?

திடீர் என்று ஒன்றும் நடக்கவில்லை, கடல் காற்று வந்தது. கடற்கரை மாவட்டங்களில் சித்திரை, வைகாசி மாதத்தில் இது ஏறக்குறைய தினமும் நடப்பதுதான். காலையில் மேற்கே இருந்து லேசாக வரும். வெயில் ஏறித் தரை சூடானதும் மதியத்தை ஒட்டிக் கிழக்கே இருந்து கடல் காற்று நுழையும், கடலை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் ஊருக்கு இன்னும் கொஞ்சம் தாமதமாக வந்து சேரும். அதாவது காற்று லேசாக மாறுவதில்லை, அப்படியே திரும்பிவிடுகிறது.

என் கரும்பு போன கதையைச் சொன்னால் இது சுலபமாகப் புரியும். பக்கத்துக் கொல்லை எனக்குக் கிழக்கே இருக்கிறது, ஒன்றரை ஏக்கர். அவர் அனுபவம் இல்லாதவர் இல்லை. காலையில் காற்று மேற்கிலிருந்து என்பதால் அவருடைய கிழக்கு வரப்பில் தீ வைத்தார். அது சரியான முறை. காற்றுக்கு எதிராக நகரும் தீ தாழ்வாக, மெதுவாக ஊர்ந்து வரும், பக்கத்தில் நின்றே அடித்து அணைக்கலாம். தவறு இரண்டு இடத்தில் நடந்தது. ஆள் வரத் தாமதமாகி, பத்தரைக்குத்தான் வைத்தார். அப்புறம், காற்று என் பக்கம் வீசவில்லையே என்று மேற்கு வரப்பில், அதாவது என் கரும்பை ஒட்டி, சோகையை ஒதுக்காமல் விட்டுவிட்டார்.

ஒரு மணி வாக்கில் முக்கால் பங்கு எரிந்து முடிந்திருந்தது. மிச்சம் இருந்தது என் வரப்பை ஒட்டிய ஒரு பட்டை மட்டும். அந்த நேரத்தில் காற்று கிழக்கிலிருந்து திரும்பியது. அதுவரை காற்றை எதிர்த்து ஊர்ந்துகொண்டிருந்த அதே தீக்கு இப்போது காற்று முதுகில் வந்துவிட்டது. இடுப்பு உயரம் இருந்த ஜுவாலை ஆள் உயரத்துக்கு மேலே போய், மிச்சப் பட்டையை ஒரே ஓட்டமாகக் கடந்து, பதினோரு மாதக் கரும்புக்குள் நுழைந்தது. அறுபது சென்ட் போனது. வரப்பு மூன்று அடி அகலம், அதெல்லாம் ஒரு தடையே இல்லை. எரியும் சோகைத் துண்டு ஐம்பது அறுபது அடி தாண்டி விழுவதை அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன்.

காற்று திரும்பப் போவதைக் கொஞ்சம் முன்னாலேயே கண்டுபிடிக்கலாம். ஒரே பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்த புகை நேராக மேலே எழுந்து, அங்கும் இங்கும் தடுமாறும். அப்படி ஒரு அமைதி வந்தால் அது நல்ல சகுனம் இல்லை. புதிதாக எதையும் பற்றவைக்காமல், எரியாமல் கிடக்கும் சோகைக்கும் தீக்கும் நடுவே உடனே ஈரம் பண்ண வேண்டும்.

கொளுத்தாம முடியலைன்னா எப்படித்தான் கொளுத்துறது?

முதலில் ஒன்று. ஏக்கருக்கு மூன்று நான்கு டன் சோகை விழுகிறது. அதைக் கொளுத்துவது உங்கள் மண்ணுக்குப் போக வேண்டியதைப் புகையாக விடுவதுதான், நான் இப்போது கொளுத்துவதில்லை. ஆனாலும் கேட்டீர்கள், சொல்கிறேன்.

நான்கு பக்கமும் சோகையை உள்பக்கமாக வாரி, மண் தெரிகிற மாதிரி பட்டை விட வேண்டும். காலி நிலத்தை ஒட்டிப் பத்து அடி. நிற்கும் கரும்போ கீற்றுக் கொட்டகையோ இருக்கும் பக்கம் இருபது அடியாவது வேண்டும், முடிந்தால் அந்தப் பட்டையில் ரொட்டவேட்டர் ஒரு ஓட்டு ஓட்டிவிடுங்கள். காற்று எந்தப் பக்கம் என்றெல்லாம் பார்க்காமல் நான்கு பக்கமும் செய்ய வேண்டும், மேலே சொன்ன கதையின் சாரமே அதுதான். பக்கத்துக் கரும்பை ஒட்டிய பாருக்கு, அதாவது வரிசை இடைப் பள்ளத்துக்கு, முந்தின நாளே தண்ணீர் கட்டிவிட்டால் இன்னும் நல்லது. வாரிய சோகையைப் பட்டை ஓரத்திலேயே மலை மாதிரி குவித்துவிடாதீர்கள், நடுவே பரப்புங்கள். குவியல் உயரமாக இருந்தால் ஜுவாலையும் உயரமாக எழும், துண்டுகள் மேலே போய்ப் பறக்கும்.

நேரம் காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள். பனி ஈரம் வற்றியிருக்க வேண்டும், வெயில் ஏறியிருக்கக் கூடாது. அந்த இரண்டு மணி நேரத்தில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு மட்டும். முழு ஏக்கரையும் ஒரே நாளில் முடித்துவிட வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை, கால் ஏக்கர் கால் ஏக்கராகப் பிரித்து மண் பட்டை விட்டு நான்கு நாளில் முடியுங்கள்.

கால் ஏக்கருக்கு நான்கு ஆள் வேண்டும். பதினாறு லிட்டர் தெளிப்பான் இரண்டில் வெறும் தண்ணீர் நிரப்பி வையுங்கள், மருந்து அடித்த மிச்சம் உள்ளே இருக்கக் கூடாது. ஈரச் சாக்கு, பச்சை வேப்பங்கிளை, மண்வெட்டி. போர் மோட்டாரை நம்பி இறங்குபவர்கள் மும்முனை மின்சாரம் இருக்கும் நேரமா என்று பார்த்துக்கொண்டு இறங்குங்கள். எங்கள் ஊரில் ஒருவர் ஓஸ் எல்லாம் இழுத்துப் போட்டுத் தயாராக நின்றார், தீ வைத்த பத்தாவது நிமிடம் கரண்ட் போனது. தலைக்கு மேலே மின்கம்பி போகும் இடத்தில் கொளுத்தவே வேண்டாம். அடர்ந்த புகைக்குள் கம்பிக்கும் தரைக்கும் நடுவே மின்சாரம் பாயலாம்.

பக்கத்துக்காரரிடம் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். மரியாதைக்காக மட்டும் இல்லை, அவர் மாட்டை அவிழ்த்துக் கட்டுவார், காயப்போட்ட துணியை எடுப்பார், ஓர் ஆளையும் அனுப்புவார்.

தீ அணைஞ்சிடுச்சு, புகை மட்டும் லேசா வருது. சாப்பிடப் போகலாமா?

போகக் கூடாது. தீ தாவுவது பாதி நேரம் இதற்கப்புறம்தான். சோகை சீக்கிரம் எரிந்து சாம்பலாகிவிடும், அது பிரச்சினை இல்லை. வரப்பில் கிடக்கும் பனை மட்டை, தென்னை அடிமரக் கட்டை, வேலி ஓரத்துப் பட்ட மரம், எருக்குழி இவை உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருக்கும். எருக்குழி என்றால் இரண்டு மூன்று நாள்கூடக் கனலும், மேலே ஒன்றுமே தெரியாது. மதியக் காற்று வந்து சாம்பலை ஊதிவிட்டால் அடியில் இருக்கும் கங்கு வெளியே வரும்.

ஓரத்திலிருந்து முப்பது அடி உள்வரைக்கும் நடந்து, புறங்கையைச் சாம்பலுக்கு ஒரு சாண் மேலே காட்டிப் பாருங்கள். சூடு தெரிந்த இடத்தில் தண்ணீர் ஊற்றி, மண்வெட்டியால் கிளறி, மறுபடியும் ஊற்ற வேண்டும். கிளறாமல் ஊற்றினால் மேல் சாம்பல் சேறாகி மூடிக்கொள்ளும், அடியில் கங்கு அப்படியே இருக்கும். கட்டையை மண் போட்டு மூடினால் போதும் என்பது ஏமாற்று, தண்ணீரில் நனைத்துத் தனியாக இழுத்துப் போடுங்கள். ஒரு ஆள் சாயங்காலம் வரை அங்கேயே இருக்க வேண்டும், மறுநாள் மதியம் இன்னொரு முறை போய்ப் பார்க்க வேண்டும்.

பக்கத்துக் கொல்லைல பிடிச்சிடுச்சு! முதல்ல என்ன?

101-க்கு அடியுங்கள், கிடைக்கவில்லை என்றால் 112. 'நாமே அணைத்துவிடலாம், வண்டி வந்தால் கேஸ் ஆகும்' என்று யோசித்து இழந்த அரை மணி நேரத்தில்தான் கொட்டகைகள் போகின்றன. அணைக்க வருவதற்குக் கட்டணம் கிடையாது. ஊர் பெயரோடு எந்த ரோட்டிலிருந்து உள்ளே வர வேண்டும் என்று சொல்லி, ரோட்டு முனையில் ஒரு ஆளை நிறுத்துங்கள்.

நிற்கும் கரும்புக்குள் மட்டும் யாரும் ஓடக் கூடாது. உள்ளே போனால் எந்தப் பக்கம் தீ என்றே தெரியாது, புகையிலேயே விழுந்துவிடுவார்கள். மாட்டை அவிழ்த்துவிட்டு, கூரை வீடு இருந்தால் கேஸ் சிலிண்டரை வெளியே எடுத்து, தீக்கு முன்னால் காற்று போகும் திசையில் உள்ள கூரைகளை நனையுங்கள். எரிகிறதை அணைப்பதை விட இன்னும் எரியாததை நனைப்பதுதான் கிராமத்தில் நம் கையில் இருக்கும் வேலை.

என் கரும்பு எரிஞ்சிடுச்சு. அவர்தான் வச்சார்னு ஊருக்கே தெரியும். இப்ப நான் என்ன செய்யணும்?

கோபம் அப்புறம், முதல் வேலை ஆலைக்குச் சொல்வது. எரிந்த கரும்பில் சர்க்கரை மணிக்கணக்கில் இறங்கும், எடையும் இறங்கும். ஆலையின் பீல்டு மேனைக் கூப்பிட்டு அன்றைக்கே எரிந்த கரும்புக்கான வெட்டு ஆர்டர் கேளுங்கள். முறை வராவிட்டாலும் தீக்கரும்புக்கு முன்னுரிமை தருவது வழக்கம். ஒன்றிரண்டு நாளுக்குள் வெட்டி அனுப்பிவிட்டால் கரும்பின் பெரும்பகுதியைக் காசாக்கிவிடலாம். ஆலை தீக்கரும்புக்கு ஏதாவது பிடிக்கும், அந்தப் பிடித்தம் எழுதிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

'ஆதாரம் அழிஞ்சிடும், யாரும் தொடாதீங்க' என்று கரும்பை அப்படியே நிறுத்திவைத்தவர்கள் இருக்கிறார்கள். அது இரட்டை நஷ்டம். குறைக்க முடிந்த நஷ்டத்தைக் குறைக்காமல் விட்டால், அந்தப் பங்கை எதிராளி தலையில் கட்ட முடியாது. ஆதாரத்துக்குப் படம் போதும். வெட்டுவதற்கு முன் போனில் வீடியோ எடுங்கள். எங்கிருந்து தீ வந்தது என்பது தெரிய, அவர் கொல்லையின் சாம்பல், நடு வரப்பு, உங்கள் கரும்பு மூன்றும் ஒரே ஓட்டத்தில் வர வேண்டும். வரப்பில் மண் பட்டை விடவில்லை என்பதை நெருக்கமாக எடுங்கள், நாளைக்கே அவர் உழுதுவிடலாம்.

அன்றைக்கே காவல் நிலையத்தில் எழுத்தில் புகார். எஃப்.ஐ.ஆர். போடவில்லை என்றாலும் புகாரைப் பெற்றுக்கொண்டதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள். வி.ஏ.ஓ. நேரில் வந்து பார்த்து, சர்வே எண், எரிந்த பரப்பு, பயிரின் வயது எழுத வேண்டும். தீயணைப்பு வண்டி வந்திருந்தால் தீ விபத்துச் சான்று கேட்டு விண்ணப்பியுங்கள். மாட்டுக்குக் காயம் என்றால் கால்நடை மருத்துவரின் சான்று, செத்துவிட்டால் பிரேதப் பரிசோதனை முடிவதற்குள் புதைக்கக் கூடாது. குடியிருக்கும் கூரை வீடு எரிந்திருந்தால் தாசில்தார் மூலம் அரசு நிவாரணம் உண்டு, அதை வாங்கினால் தீ வைத்தவரிடம் கேட்கும் உரிமை போய்விடாது.

எவ்வளவு கேட்கலாம்? அவர் பத்தாயிரம் தர்றேங்கறார்.

எரிந்த கரும்பின் மொத்த விலையைக் கேட்டால் நிற்காது, ஏனென்றால் ஆலையிலிருந்து உங்களுக்குப் பணம் வந்திருக்கும். நஷ்டம் என்பது வர வேண்டியதற்கும் வந்ததற்கும் உள்ள வித்தியாசம், அதோடு எரிந்த மற்ற பொருள்கள்.

அறுபது சென்டை வைத்தே போட்டுப் பார்ப்போம். ஏக்கருக்கு 40 டன் என்றால் 24 டன் வந்திருக்க வேண்டும். முந்தின வருட எடைச் சீட்டு இருந்தால் இந்த 40 டன்னை யாரும் மறுக்க முடியாது. எரிந்த பின் வெட்டியதில் 21 டன் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2024-25 பருவத்தில் சர்க்கரைக் கட்டுமானம், அதாவது பிழியும் கரும்பிலிருந்து கிடைக்கும் சர்க்கரையின் அளவு, 9.5 சதவீதமோ அதற்குக் கீழோ உள்ள ஆலைக்கு மத்திய அரசு வைத்த விலை டன்னுக்கு 3,151 ரூபாய். குறைந்த மூன்று டன்னுக்கு 9,453. ஆலை டன்னுக்கு 200 பிடித்தால் 21 டன்னுக்கு 4,200. இதுவரை 13,653. இங்கேயே பத்தாயிரம் தாண்டிவிட்டது.

ஆட்கள் மறந்துவிடுவது சொட்டுநீர்க் குழாயை. ஐந்து அடி இடைவெளியில் போட்டிருந்தால் அறுபது சென்டுக்கு ஏறக்குறைய 1,600 மீட்டர் பக்கக் குழாய் ஓடுகிறது. மீட்டர் 10 ரூபாய் என்றாலும் 16,000. கரும்பு நஷ்டத்தை விட இது அதிகம். பழைய குழாய் என்றால் தேய்மானம் கழிப்பார்கள், கழிக்கட்டும். அப்புறம் மறுதாம்பு, அதாவது வெட்டிய தூரிலிருந்து மறுபடி முளைக்கும் கரும்பு: தூர் கருகிய இடத்தில் முளைப்பு குறையும். அது அன்றைக்குத் தெரியாது, ஒரு மாதம் கழித்து இடைவெளிகளை எண்ணி, நடுகைச் செலவைச் சேர்க்க வேண்டும். அதனால் முதல் வாரத்திலேயே 'முழுத் திருப்தி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

போலீஸ்ல பேசித் தீர்த்துக்கங்கன்னு சொல்றாங்க. கேஸ்னா என்ன கேஸ்?

கவனக்குறைவாகத் தீயைக் கையாண்டது என்றால் பாரதிய நியாய சன்ஹிதா 287-ஆவது பிரிவு. ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2024 ஜூலை 1-க்கு முன்னால் இது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 285. வேண்டுமென்றே, அல்லது எரியும் என்று தெரிந்தே வைத்த தீ என்றால் 326-ஆவது பிரிவு. பயிருக்கு ஏழு வருடம் வரை, குடியிருக்கும் வீட்டை அழிக்க வைத்த தீ என்றால் ஆயுள் தண்டனை வரை போகும். பழைய வரப்புத் தகராறு இருப்பவர்கள் புகாரில் எடுத்த எடுப்பிலேயே 'கொலை வெறியோடு' என்று எழுதுகிறார்கள், அதை நிரூபிக்க முடியாமல் மொத்த வழக்கும் தொங்குகிறது. நடந்ததை மட்டும் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு வைத்தார், எத்தனை ஆள் இருந்தார்கள், தண்ணீர் இருந்ததா, எப்போது தாவியது.

287-இல் கட்டும் அபராதம் அரசுக்குப் போகும். உங்கள் நஷ்டத்துக்குத் தனியாகச் சிவில் வழக்கு, மூன்று வருடத்துக்குள். என் அபிப்பிராயம், தொகை ஓரளவுக்குள் இருந்தால் பேசித் தீர்ப்பதே மேல், வரப்பு இரண்டு பேருக்கும் நடுவில்தான் இன்னும் இருக்கப்போகிறது. ஆனால் வாயால் பேசித் தீர்க்காதீர்கள். தாலுகா கோர்ட்டில் இருக்கும் சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுத்து லோக் அதாலத்தில் முடித்தால் அது தீர்ப்புக்குச் சமம், தராவிட்டால் நிறைவேற்ற வைக்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு.

தீ வச்சது நான் இல்லைங்க, வெட்டாளுங்க. மேஸ்திரியைக் கேளுங்க.

பாதிக்கப்பட்டவர் உங்களையும் சேர்த்துத்தான் கேட்பார், அது சரியும்கூட. உங்கள் நிலத்தில், உங்கள் வேலைக்காக வைத்த தீ. மேஸ்திரியிடம் அப்புறம் வசூலிப்பது உங்கள் பாடு. வெட்டு முடிந்த அன்று ஆட்கள் கிளம்பும் நேரத்தில் கொல்லையில் நில்லுங்கள், பீடி நெருப்பையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பயிர்க் காப்பீடு கட்டியிருக்கேன். அதுல வராதா?

பெரும்பாலும் வராது. பிரதமரின் பயிர்க் காப்பீட்டில் தீ விஷயத்தில் நிற்கும் பயிருக்குச் சொல்லியிருப்பது இயற்கையாக ஏற்படும் தீயும் மின்னலும். தடுத்திருக்கக் கூடிய ஆபத்துகள் விலக்கு. பக்கத்துக்காரர் கொளுத்தியது தடுத்திருக்கக் கூடியதுதானே. வீட்டுக்கோ கொட்டகைக்கோ தனியாகத் தீக் காப்பீடு இருந்தால் அது வேறு, அதற்குத் தீயணைப்புச் சான்றும் காவல் நிலைய ரசீதும் கேட்பார்கள்.

டவுன்ல இருக்கோம், தோட்டத்துச் சருகு ஒரு கூடைதான். அதுக்குமா?

ஒரு கூடைச் சருகு பக்கத்து வீட்டு மாடியில் காயும் துணி மேலும், காருக்குப் போட்ட உறை மேலும் விழுந்த கதைகள் உண்டு. தாவாவிட்டாலும், குப்பையைத் திறந்தவெளியில் கொளுத்தினால் 5,000 ரூபாய், பெரிய அளவென்றால் 25,000 ரூபாய் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016-லேயே சொல்லிவிட்டது. குழி தோண்டிப் போட்டு ஈரமாக வைத்தால் சருகு சில மாதத்தில் மக்கிவிடும்.

நீங்க கொளுத்தறதில்லைன்னீங்களே, சோகையை என்ன பண்றீங்க?

ஒரு பார் விட்டு ஒரு பாரில் சோகையைப் போட்டுவிடுகிறேன். காலிப் பாரில் தண்ணீர், உரம், நடமாட்டம் எல்லாம். முதல் மாதம் கொல்லை அசிங்கமாக இருக்கும், பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். மழையோ பாசனமோ கிடைத்தால் நான்கைந்து மாதத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். டிராக்டரில் மாட்டும் சோகை தூளாக்கும் கருவி வாடகைக்குக் கிடைத்தால் இன்னும் சீக்கிரம். ஒரு தொல்லை உண்டு: காய்ந்த சோகை கொல்லை முழுக்கக் கிடப்பதால் வேறு யாராவது வைத்த தீ உள்ளே வந்தால் நன்றாகப் பிடிக்கும். அதனால் கொளுத்தாத நானும் கிழக்கு வரப்பை ஒட்டி இருபது அடி மண் பட்டை விடுகிறேன்.